வலித்தால்தான் கெட்ட தொடுதலா?

நாலு வயதுக் குழந்தையிடம் கெட்ட தொடுதல் எது என்று கேட்டுப் பாருங்கள். "அடிக்கிறது", "கிள்றது", "ஊசி போடுறது" என்று பதில் வரும். நல்ல தொடுதல் எது என்றால், மடியில் உட்கார வைத்து சாக்லேட் கொடுப்பது. குழந்தை வலியை வைத்தே கணக்குப் போடுகிறது. ஆனால் தவறாக நடப்பவர் பெரும்பாலும் வலியோடு தொடங்குவதில்லை; விளையாட்டு, கிச்சுகிச்சு, செல்போன் என்று நெருங்குகிறார். பதிவாகும் வழக்குகளில் பெரும்பாலானவற்றில் அவர் குழந்தைக்குத் தெரிந்தவர். அதனால் "உனக்குப் பிடிக்காவிட்டால் அது கெட்ட தொடுதல்" என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது போதாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மாறாத ஒரு விதி வேண்டும்.

ஐரோப்பிய கவுன்சில் 2010-ல் பெற்றோருக்காகப் பரப்பிய உள்ளாடை விதி அப்படிப்பட்டது. நம் வீட்டுப் பேச்சில் இப்படிச் சொல்லலாம்: "ஜட்டி மூடியிருக்கிற இடம் உன்னோடது. அதை யாரும் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. அவங்களோடதைத் தொடச் சொல்லவும் கூடாது. அம்மாவோ பாட்டியோ கழுவிவிடுறப்போ தொடலாம். டாக்டர் பார்க்கிறதா இருந்தா நாங்க கூடவே இருப்போம்." பெண் குழந்தைக்கு மார்பையும், எல்லாக் குழந்தைக்கும் வாயையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்கு இது தேவையில்லை என்று நினைக்கிற வீடுகள் இன்னும் நிறைய. அது பெரிய தவறு.

இதைச் சொல்லக் குளிக்கும் நேரமே வசதி. "இது முழங்கை, இது தொப்புள், இது ஆண்குறி, இது புட்டம்" என்று ஒரே குரலில் சொல்லிப் போங்கள். அந்த இடம் வரும்போது மட்டும் குரல் தாழ்ந்தால், அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று குழந்தை புரிந்துகொள்ளும். உறுப்புக்கு வீட்டுச் செல்லப்பெயர் மட்டுமே தெரிந்த பிள்ளை "மாமா என் பிஸ்கட்டைத் தொட்டார்" என்று பள்ளியில் சொன்னால் டீச்சருக்கு என்ன புரியும்? மூன்று வயதானதும் சோப்பைக் கையில் கொடுத்து, "இங்க நீயே தேய்ச்சுக்கோ" என்று பழக்குங்கள்.

விதி வாயளவில் நிற்கிறதா என்பது விருந்தாளி வரும் நாளில் தெரிந்துவிடும். ஊரிலிருந்து பெரியப்பா வருகிறார். பிள்ளை அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிறாள். "போடி, பெரியப்பாவுக்கு முத்தம் குடு" என்று தள்ளிவிட்டால், பெரியவர் கேட்டால் உடம்பைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவள் கற்கும் பாடம். "முத்தம் வேண்டாம்னா வணக்கம் சொல்லு கண்ணு" என்று சொன்னால் போதும். பாட்டி முகம் சுளிப்பார். "மரியாதை வணக்கத்துல இருக்கு அத்தை, முத்தம் அவ இஷ்டம்" என்று பிள்ளையின் காதில் விழும்படியே சொல்லுங்கள். கிச்சுகிச்சு மூட்டும்போது குழந்தை "போதும்" என்றால், சிரித்துக்கொண்டே சொன்னாலும் கையை எடுத்துவிட வேண்டும். பல் தேய்ப்பதும், மருந்து குடிப்பதும், ரோட்டில் கையைப் பிடிப்பதும் அவள் இஷ்டம் அல்ல. அதையும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ரகசியம். அப்பாவின் பிறந்தநாள் கேக்கை மறைத்து வைப்பது சரி. அன்று மாலையே எல்லோருக்கும் தெரிந்துவிடும். "அம்மாகிட்ட என்னைக்கும் சொல்லாதே" என்று யாராவது சொன்னால் அதை அன்றே அம்மாவிடம் சொல்ல வேண்டும். தொடுவதிலும் பரிசிலும் போட்டோவிலும் ரகசியமே கிடையாது.

பிள்ளை பிடிப்பவன் கதை இங்கே உதவாது. பயங்கர முகத்தையே தேடும் குழந்தை, சிரித்த முகத்தைச் சந்தேகிக்காது. சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுக்கும் அதே குரல் போதும். சொன்ன பிறகு தாத்தா மடியில்கூட உட்கார மறுக்கிறாள், தனியே தூங்க அஞ்சுகிறாள் என்றால் முதலில் மெதுவாகக் கேளுங்கள். ஏதோ நடந்தும் இருக்கலாம், நாம் மிரட்டியும் இருக்கலாம். "கத்திட்டு ஓடிடு" என்பதோடு நிறுத்தாதீர்கள். பல குழந்தைகள் அந்த நேரத்தில் உறைந்துபோகிறார்கள். பிறகு, ஓடாதது தன் தப்பு என்று மறைக்கிறார்கள். "ஓட முடியலைன்னாலும் பரவாயில்லை. எப்ப வேணும்னாலும் சொல்லு. தப்பு உன்மேல இல்லை" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அம்மா நம்பாவிட்டால் யாரிடம் சொல்வது என்று இன்னும் இரண்டு பேரையும் காட்டிவையுங்கள்.

ஒருநாள் பிள்ளை வந்து சொன்னால், "ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லதாப் போச்சு, நான் நம்புறேன்" என்று சொல்லி, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அந்த நபரின் முன் நிறுத்தவும் வேண்டாம். 1098-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். 2012-ன் போக்சோ சட்டப்படி புகார் தருவது கட்டாயம். போலீஸார் சீருடை இல்லாமல், குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும்; இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழந்தையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதும் குற்றம்.