ஐந்து ஆண்டு உழைப்பு ஒரே வரியில் அடங்குமா?
பாலர் பள்ளி ஆசிரியை வேலைக்கு மனுப் போடுவது எப்படி?

"குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்."

பாலர் பள்ளியில் வேலை கேட்டு வரும் மனுக்களில் இந்த வரி அநேகமாக இருக்கும். இதைப் படிக்கும் தலைமை ஆசிரியைக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. குழந்தைகளைப் பிடிக்காது என்று யாரும் எழுதப்போவதில்லையே!

அவருக்குத் தெரியவேண்டியவை நான்கு. எந்த வயதுக் குழந்தைகளோடு இருந்தார்? வகுப்பை எப்படித் திட்டமிட்டார்? பெற்றோரிடம் எப்படிப் பேசினார்? குழந்தை வளர்ச்சி பற்றி என்ன பயிற்சி பெற்றார்? இந்த நான்குக்கும் விடை சொல்லும் தாள்தான் பயோடேட்டா.

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு பாடுபட்டவர். அவருடைய முதல் பயோடேட்டாவில் இருந்தது இவ்வளவுதான்: "5 ஆண்டு அனுபவம். மான்டிசோரி பயிற்சி உண்டு. குழந்தைகளையும் பெற்றோரையும் நன்றாகக் கவனிப்பேன்."

மூன்று பள்ளிகளுக்கு அனுப்பினார். ஒன்றிலிருந்தும் அழைப்பு வரவில்லை. திறமை இல்லாததாலா? இல்லை. திறமை தாளில் ஏறாததால்!

வயதை எழுதுங்கள்

மூன்று வயதுக் குழந்தை வேறு. ஐந்து வயதுக் குழந்தை வேறு. மூன்று வயதுக் குழந்தை பள்ளிக்கு வந்த முதல் வாரம் அம்மாவைத் தேடி அழும். ஈரமான கால்சட்டையை மாற்றிவிட வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையோ எழுத்துக் கூட்டிப் படிக்கத் துடிக்கும். ஒன்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு மற்றொன்று தானாக வந்துவிடாது.

ஆகவே "எல்.கே.ஜி. ஆசிரியை" என்று மட்டும் எழுதினால் போதாது. மான்டிசோரி வகுப்பில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்ற பிரிவே கிடையாது. இரண்டரை அல்லது மூன்று வயது முதல் ஆறு வயது வரை எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். பெரியவனைப் பார்த்துச் சிறியவன் கற்றுக்கொள்வான்.

அந்த ஆசிரியை தாளைத் திருத்தி எழுதினார்:

"2018 ஜூன் – 2020 மார்ச்: உதவி ஆசிரியை. 3 முதல் 4 வயது வரை 18 குழந்தைகள்.

2021 ஜூலை – 2022 ஏப்ரல்: மான்டிசோரி பயிற்சி.

2022 ஜூன் – 2025 ஏப்ரல்: வகுப்பு ஆசிரியை. 3 முதல் 6 வயது வரை கலப்பு வகுப்பு. 24 குழந்தைகள். துணைக்கு ஓர் ஆயா."

நடுவே ஓர் இடைவெளி தெரிகிறது. அதை அவர் மறைக்கவில்லை. "2020இல் கொரோனாவால் பள்ளி மூடப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்தார். காரணம் சொன்ன இடைவெளி யாரையும் உறுத்துவதில்லை. ஆண்டைக் கூட்டிப் பார்த்துக் கணக்கு இடித்தால்தான் சந்தேகம் வரும்.

ஒரு பாடம் போதும்

அடுத்தது திட்டமிடல். "பலவகைச் செயல்பாடுகளைத் திட்டமிட்டேன்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதைவிட, நடத்திய ஒரு பாடத்தை உள்ளபடி எழுதுவது மேல்.

மான்டிசோரி பள்ளியில் உப்புத்தாள் எழுத்துகள் இருக்கும். பலகையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். குழந்தை அதை விரலால் தடவும். தடவும்போதே ஒலியைச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் ஒரே சமயத்தில் எழுத்தை அறிந்துகொள்ளும்.

இதை நடத்துவதற்கு மூன்று கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் ஆசிரியை தடவிக் காட்டி, "இது ம, இது க" என்று பெயரைச் சொல்வார். இரண்டாம் கட்டத்தில், "ம எங்கே? காட்டு. க-வை என் கையில் கொடு" என்பார். இது விளையாட்டுப்போல நெடுநேரம் நடக்கும். மூன்றாம் கட்டத்தில்தான் எழுத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்பார்.

குழந்தை விடை தெரியாமல் விழித்தால்? "தப்பு" என்று சொல்லக்கூடாது. இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பவேண்டும். அங்கேயும் தடுமாறினால் முதல் கட்டம். அதுவும் இல்லையென்றால் பலகையை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த எழுத்துகளைச் சேர்த்துத் தருவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. வடிவத்திலும் ஒலியிலும் வேறுபட்ட இரண்டு மூன்று எழுத்துகளை எடுக்கவேண்டும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் எடுத்தால் குழந்தை குழம்பும். ன, ண இரண்டும் அப்படித்தான்.

இவ்வளவையும் பயோடேட்டாவில் எழுத இடம் ஏது? வேண்டியதில்லை. அந்த ஆசிரியை எழுதியது இரண்டே வரி:

"4 வயதுக் குழந்தைகளுக்கு உப்புத்தாள் எழுத்துகளை மூன்று கட்டப் பாடமாக நடத்தினேன். எந்தக் குழந்தை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று குறித்து வைத்து, மறுநாள் பாடத்தை அதன்படி அமைத்தேன்."

விஷயம் தெரிந்த தலைமை ஆசிரியைக்கு இது போதும். நேர்முகத் தேர்வில், "மூன்றாம் கட்டத்தில் குழந்தை தவறினால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரே கேள்வி கேட்பார். நடத்தியவர் உடனே சொல்வார். பிறர் எழுதியதைப் பார்த்து எழுதியவர் திணறுவார்.

பெற்றோரிடம் என்ன பேசினார்?

"பெற்றோருடன் நல்லுறவு வைத்திருந்தேன்" என்பதும் வெறும் வரிதான். எத்தனை குடும்பம்? எத்தனை நாளுக்கு ஒரு தடவை பேசினார்? நேரிலா, நோட்டுப் புத்தகத்திலா, போனிலா? எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு எப்படிச் சொன்னார்? இவற்றை எழுதவேண்டும்.

அந்த ஆசிரியையின் வகுப்பில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். "சொன்ன பேச்சுக் கேட்காதவன்" என்று ஆயா சொன்னார். ஆசிரியை அப்படி முடிவு கட்டவில்லை. பத்துப் பள்ளி நாட்கள் கவனித்துக் குறித்தார். முகத்தைப் பார்த்துப் பேசினால் உடனே எழுந்து வந்தான். பின்னாலிருந்து கூப்பிட்டபோது பெரும்பாலும் அசையவே இல்லை.

பள்ளி விட்டபின் தாயைத் தனியே அழைத்துக் குறிப்பை வாசித்துக் காட்டினார். நோயின் பெயர் எதையும் சொல்லவில்லை. "காது டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள் அம்மா" என்றார்.

"வீட்டிலும் டி.வி.யைச் சத்தமாக வை என்றுதான் சொல்கிறான். அடம் என்று நினைத்து நான் அடித்துவிட்டேனே!" என்று தாய் கண் கலங்கினார்.

டாக்டர் பார்த்தார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. இந்த வயதில் பல குழந்தைகளுக்கு வருவதுதான், குணமாகக் கூடியதுதான். கவனியாமல் நெடுநாள் விட்டால் பேச்சு தாமதப்படலாம்.

இதைப் பயோடேட்டாவில் எப்படி எழுதுவது? "காதுக் குறையைக் கண்டுபிடித்தேன்" என்று எழுதக்கூடாது. நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. சிறுவன் பெயரும் படமும் கூடவே கூடாது. அவர் இப்படி எழுதினார்:

"24 குடும்பங்களுடன் மாதம் ஒரு முறை நேரில் பேசினேன். கவலை தரும் மாற்றம் தெரிந்தால் தேதியிட்டுக் குறித்து, பெற்றோருக்குத் தனியே சொல்லி, டாக்டரிடம் காட்டச் சொன்னேன். வாட்ஸ்அப் குழுவில் பொதுச் செய்தி மட்டும். தனிக் குழந்தை பற்றிப் பேசியதில்லை."

கடைசி வரி சிறியது. ஆனால் ஒரு வீட்டு விஷயத்தை நாலு பேருக்குச் சொல்லாத ஆசிரியை என்பதை அது காட்டிவிடுகிறது.

சான்றிதழில் என்ன இருக்கிறது?

இனி பயிற்சி. இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மான்டிசோரி, 1907இல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராக இறங்கியது. அதனால் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. 1946 வரை இந்தியாவிலேயே இருந்து பலருக்குப் பயிற்சி தந்தார். குழந்தையிடம் குறுக்கிடாமல் பார்த்துக் குறிப்பெடுப்பது அவருடைய பயிற்சியில் முக்கியப் பாடம். அந்தச் சிறுவனைப் பத்து நாள் கவனித்த ஆசிரியை செய்ததும் இதையேதான்.

இன்று மான்டிசோரி என்ற பெயரில் பல பயிற்சிகள் நடக்கின்றன. சில வாரங்களில் முடிவதும் உண்டு. ஓராண்டு நடப்பதும் உண்டு. "மான்டிசோரி பயிற்சி உண்டு" என்று மட்டும் எழுதினால், ஓராண்டு படித்தவரும் சில வாரம் படித்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். நஷ்டம் ஓராண்டு படித்தவருக்குத்தான்.

ஆகவே, எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எத்தனை மாதம், எந்த வயதுக் குழந்தைகளுக்கான பயிற்சி என்று எழுதவேண்டும். பள்ளியில் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்த நாட்கள் எத்தனை, மேற்பார்வையில் பாடம் நடத்திய வாரங்கள் எத்தனை என்பதையும் சேர்க்கவேண்டும். குறுகிய காலப் பயிற்சி என்றால் அதையும் மறைக்காமல் எழுதுவதே நல்லது. சான்றிதழைக் கேட்டால் எப்படியும் தெரிந்துவிடும்.

தாளுக்குப் பிறகு

திருத்திய பயோடேட்டா இரண்டு பக்கத்தில் முடிந்தது. "குழந்தைகள் என்றால் உயிர்" என்ற வரி அதில் இல்லை. நான்காவது பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு மணி நேரம் வகுப்பில் இருந்து காட்டச் சொன்னார்கள்.

அறையில் ஒரு சிறுமி மர உருளைகளைக் குழியில் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒன்று பெரியது, குழிக்குள் இறங்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலைமை ஆசிரியையின் கண் சிறுமி மேல் இல்லை. புதிதாக வந்தவரின் கைகளின் மேல் இருந்தது.

அந்தக் கைகள் மடியிலேயே இருந்தன. சிறுமி தானே வேறொரு குழியைத் தேடிப் பொருத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

தலைமை ஆசிரியை பயோடேட்டாவை மடித்து வைத்தார். "ஜூன் முதல் தேதி வந்துவிடுங்கள் அம்மா" என்றார்.