பாலிலிருந்து பவுடருக்கு: ஒரு தண்ணீர்க் கணக்கு

கொழுப்பு நீக்கிய பால் மணிக்கு 10,000 கிலோ வீதம் ஆலைக்குள் வருகிறது. அதில் திடப்பொருள் 9 சதவீதம். எவாபரேட்டரில் திடப்பொருள் 45 சதவீதம் ஆகும்வரை சுண்டவைக்கிறார்கள். பிறகு ஸ்ப்ரே டிரையரில் உலர்த்தி, 4 சதவீத ஈரப்பதம் உள்ள பவுடராக எடுக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் வெளியேறியது? அதற்கு எவ்வளவு வெப்பம் செலவானது?

உணவுப் பொறியியல் படிக்கிறவர்கள் செமஸ்டர் தேர்விலோ கேட் தேர்வின் உணவுத் தொழில்நுட்பப் பகுதியிலோ இந்த மாதிரியான கேள்வியை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். நாலைந்து வரிதான். ஆனால் பால்பவுடர் ஆலை ஏன் ஒரே இயந்திரமாக இல்லாமல் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்பதற்கான காரணம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது திடப்பொருளை. பாலில் உள்ள புரதம், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, தாது உப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. எவாபரேட்டரிலும் டிரையரிலும் போவது தண்ணீர் மட்டுமே. திடப்பொருள் உள்ளே வந்த அளவிலேயே கடைசி வரை இருக்கும். 10,000 கிலோவில் 9 சதவீதம் என்றால் 900 கிலோ. இந்த 900-ஐ தாளின் மேலே எழுதி வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் வகுத்தல்தான். சுண்டிய பாலில் இதே 900 கிலோ 45 சதவீதமாக இருக்கிறது என்றால், அந்தப் பாலின் மொத்த எடை 900-ஐ 0.45-ஆல் வகுத்தால் வரும் 2,000 கிலோ. ஆக, எவாபரேட்டரில் போன தண்ணீர் 8,000 கிலோ.

மாணவர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான். 45-லிருந்து 9-ஐக் கழித்து, 36 சதவீதம் தண்ணீர் போயிற்று, அதாவது 3,600 கிலோ என்று எழுதிவிடுகிறார்கள். முதல் 9 சதவீதம் 10,000 கிலோவில் கணக்கிட்டது, அடுத்த 45 சதவீதம் 2,000 கிலோவில் கணக்கிட்டது. அடித்தளம் வேறாக இருக்கும்போது சதவீதத்தைச் சதவீதத்திலிருந்து கழிக்க முடியாது.

பவுடரில் ஈரம் 4 சதவீதம் என்றால் திடப்பொருள் 96 சதவீதம். 900-ஐ 0.96-ஆல் வகுத்தால் 937.5 கிலோ பவுடர். டிரையரில் போன தண்ணீர் 1,062.5 கிலோ. விடை சரிதானா என்று பார்க்க எல்லாவற்றையும் கூட்டினால் போதும்: 8,000, 1,062.5, 937.5 மூன்றும் சேர்ந்து 10,000 வர வேண்டும், வருகிறது.

போன தண்ணீரில் ஏறத்தாழ 88 சதவீதம் எவாபரேட்டரிலேயே போய்விட்டது. டிரையருக்கு மிஞ்சியது 12 சதவீதம்தான். இந்தப் பங்கீடு ஏன் இப்படி என்பதற்கு விடை வெப்பக் கணக்கில் இருக்கிறது.

வீட்டில் திரட்டுப்பால் கிண்டியவர்களுக்குத் தெரியும்: பாலைத் திறந்த பாத்திரத்தில் சுண்டச் சுண்டக் காய்ச்சினால் நிறம் மாறும், அடிப்பிடிக்கும், தனி மணம் வந்துவிடும். பவுடருக்கு அது ஆகாது. அதனால் எவாபரேட்டருக்குள் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் பால் 70 டிகிரிக்கும் கீழேயே கொதிக்கும். உள்ளே ஆள் உயரத்தைப்போலப் பல மடங்கு நீளமான எஃகுக் குழாய்கள் செங்குத்தாக நிற்கின்றன. பால் மேலிருந்து குழாய்களின் உட்சுவரில் மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது. வெளிப்புறத்தில் நீராவி சூடேற்றுகிறது. எந்தக் குழாயிலாவது பால் போதுமான அளவு விழாவிட்டால் படலம் அறுந்து அந்த இடம் காய்ந்து பால் கருகிவிடும். பவுடரைத் தண்ணீரில் கரைத்து வெள்ளை வடிதாளில் வடிகட்டினால், கருகிய துணுக்குகள் பழுப்புப் புள்ளிகளாகத் தாளில் தங்கிக் காட்டிக்கொடுக்கும்.

60 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதுதான் உள்ளுறை வெப்பம். 100 டிகிரியில் அது 2,257. பழக்கத்தில் இந்த எண்ணையே போட்டுவிடுவது தேர்வில் நடக்கும் இன்னொரு தவறு. அழுத்தம் குறைந்த இடத்தில் கொதிக்கிறது என்று கேள்வி சொன்னால், அந்தக் கொதிநிலைக்கு உரிய எண்ணை நீராவி அட்டவணையில் பார்த்து எடுக்க வேண்டும். பால் கொதிநிலைக்குச் சூடாகியே உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 8,000 கிலோவுக்கு 1 கோடியே 88 லட்சம் கிலோஜூல். பாய்லரிலிருந்து எட்டு டன்னுக்கும் மேல் நீராவி வேண்டும் என்று அர்த்தம். ஒரு கிலோ தண்ணீரை விரட்ட ஒரு கிலோவுக்கும் அதிகமான நீராவி என்றால் எந்த ஆலைக்கும் கட்டுபடியாகாது.

பாலிலிருந்து கிளம்புகிற ஆவியும் நீராவிதானே, அதையே அடுத்த பாத்திரத்தைச் சூடேற்றப் பயன்படுத்தினால் என்ன என்பதுதான் இதற்குக் கண்ட வழி. அடுத்த பாத்திரத்தில் அழுத்தம் இன்னும் குறைவாக இருந்தால் அங்கே பால் இன்னும் குறைந்த சூட்டில் கொதிக்கும். முதல் பாத்திரத்து ஆவியின் சூடே அதற்குப் போதும். அமெரிக்காவின் லூசியானாவில் நார்பர்ட் ரில்லியூ என்ற பொறியாளர் 1840-களில் கரும்புச் சாற்றுக்காகக் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இப்படி மூன்று பாத்திரங்களைத் தொடர்ந்து வைத்தால், பாய்லர் தர வேண்டிய வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது. நம் கணக்கில் அது 62.7 லட்சம் கிலோஜூல். இழப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு கிலோ தண்ணீருக்கு வெறும் 784 கிலோஜூல்.

டிரையரில் இந்தச் சலுகை கிடைக்காது. அங்கே சுண்டிய பாலை, வேகமாகச் சுழலும் அட்டமைசர் சக்கரமோ உயர் அழுத்த நாசிலோ நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எதிரே 200 டிகிரிக் காற்று வருகிறது. துளியின் தண்ணீர் அந்தக் காற்றோடு கலந்து, பெரும்பாலும் புகைபோக்கி வழியாக வெளியே போய்விடுகிறது. காற்றில் நீர்த்துப்போன அந்த ஆவியை இன்னொரு பாத்திரத்தைக் கொதிக்க வைக்கப் பயன்படுத்த முடியாது.

எவ்வளவு காற்று வேண்டும்? பால் 65 டிகிரியில் நுழைகிறது, காற்று 90 டிகிரியில் வெளியேறுகிறது என்று கொண்டால், ஒரு கிலோ தண்ணீரை எடுக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல். 1,062.5 கிலோவுக்கு 25.5 லட்சம். ஒரு கிலோ காற்று 200-லிருந்து 90 டிகிரிக்கு இறங்கும்போது கொடுப்பது 111 கிலோஜூல்தான். ஆகவே மணிக்கு ஏறத்தாழ 23,000 கிலோ காற்று ஓட வேண்டும். இந்தக் காற்றை வெளியிலிருந்து 30 டிகிரியில் எடுத்து 200-க்குச் சூடாக்க 39.4 லட்சம் கிலோஜூல் பிடிக்கும். காற்று 170 டிகிரி ஏறுகிறது, அதில் 110 டிகிரிதான் வேலைக்குப் பயன்படுகிறது. மீதி 60 டிகிரி புகைபோக்கியில் போகிறது. திறன் 65 சதவீதம் என்று விடைத்தாளில் எழுதும் எண் இதுதான்.

கிலோ கணக்கில் வைத்துப் பார்த்தால் டிரையரில் ஒரு கிலோ தண்ணீருக்கு ஆகும் வெப்பம் ஏறத்தாழ 3,700 கிலோஜூல், எவாபரேட்டரைப்போல நாலே முக்கால் மடங்கு. எவாபரேட்டரே இல்லாமல் 9 சதவீதப் பாலை நேராக டிரையரில் தெளித்தால் 3 கோடியே 36 லட்சம் கிலோஜூல் ஆகும். இரண்டும் சேர்ந்து செய்யும்போது 1 கோடியே 2 லட்சம்தான். அந்த நீர்த்த பாலிலிருந்து வரும் பவுடரும் நன்றாக இருக்காது. தூள் மிக நுண்ணியதாக, எடையற்றதாக வரும்.

அப்படியானால் எவாபரேட்டரில் இன்னும் கொஞ்சம் சுண்டவைத்தால் என்ன? 45-க்குப் பதிலாக 50 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், சுண்டிய பால் 1,800 கிலோ. டிரையரின் சுமையில் 200 கிலோ தண்ணீர் எவாபரேட்டருக்கு மாறுகிறது. மிச்சம் மணிக்கு 5.8 லட்சம் கிலோஜூல், மொத்தச் செலவில் கிட்டத்தட்ட 6 சதவீதம். ஆலைகள் இந்தத் திசையில்தான் தள்ளிப் பார்க்கின்றன. தடுப்பது பாலின் பிசுபிசுப்பு. 45-க்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் அது வேகமாக ஏறும். சூடான நிலையில் தொட்டியில் காத்திருந்தால் இன்னும் கெட்டிப்படும். கெட்டிப்பால் அட்டமைசரில் பெரிய துளிகளாகத்தான் உடையும். பெரிய துளி உள்ளே ஈரம் காயாமலே டிரையரின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

200 டிகிரிக் காற்றில் பால் கருகாதா என்று கேட்கத் தோன்றும். துளியில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 45 டிகிரியை ஒட்டியே நிற்கும். வரும் வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது. ஈரம் தீர்ந்த பிறகுதான் தூள் சூடேறத் தொடங்கும். அப்போது அதைச் சுற்றியுள்ள காற்றும் 90 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ஆகவே டிரையரை இயக்குகிறவரின் கண் உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்றின் வெப்பமானியில்தான் அதிகம் இருக்கும். பால் வரத்து சற்றுக் கூடினாலும் அந்த அளவு சரியும், கூடவே பவுடரில் ஈரம் ஏறும். ஈரமான லாக்டோஸ் ஒட்டும் தன்மை கொண்டது. சுவரில் படிந்த தூள் மணிக்கணக்காகச் சூட்டில் கிடந்தால் பழுத்து, உள்ளுக்குள் கனன்று, தீயாகவும் வெடிப்பாகவும் முடியலாம். பால்பவுடர் ஆலைகளில் வெளியேறும் காற்றில் கார்பன் மோனாக்சைடு கலக்கிறதா என்று கண்காணிப்பது இதற்காகத்தான்.

ஈரத்துக்கு விலையும் உண்டு. 3 சதவீத ஈரத்தில் அதே 900 கிலோ திடப்பொருள் 928 கிலோ பவுடர் தரும். 5 சதவீதத்தில் 947 கிலோ. மணிக்கு 19 கிலோ தண்ணீர் பவுடர் விலைக்குப் போகிறது. அதனால் ஆலை உச்ச வரம்பை ஒட்டியே ஓட விரும்பும். வரம்பு 5 சதவீதம். அதைத் தாண்டினால் மூட்டைக்குள் பவுடர் கட்டிதட்டும், நிறம் மங்கும், கரையும் தன்மை குறையும்.

வெளியேறும் காற்றை 80 டிகிரிக்குக் குறைத்தால் திறன் 65-லிருந்து 71 சதவீதமாகும். ஆனால் பவுடர் 7 சதவீத ஈரத்தோடு இறங்கும். இப்போதைய ஆலைகள் அதை அப்படியே இறங்க விடுகின்றன. கீழே அதிரும் துளைத்தட்டில் மெல்லிய சூட்டுக் காற்று வீசி மீதியை எடுக்கின்றன. 7 சதவீதத்தில் பவுடர் 967.7 கிலோ, 937.5-க்கு வர 30 கிலோ தண்ணீர் போனால் போதும். பெரிய டிரையரின் செலவு 39.4 லட்சத்திலிருந்து 35 லட்சம் கிலோஜூலாகக் குறையும். துளைத்தட்டின் காற்றுக்கு ஆகும் வெப்பத்தை அதோடு சேர்த்த பிறகும் மிச்சம் நிற்கும்.