ஒரே சிம்மம், மூன்று கூறு

பராக் ஒபாமா பிறந்தது 1961 ஆகஸ்ட் 4. பில் கிளிண்டன் பிறந்தது 1946 ஆகஸ்ட் 19. மேல்நாட்டு ஜோதிடப்படி இருவருக்கும் சிம்ம ராசி. இருவரும் அமெரிக்க அதிபர்களாக இருந்தவர்கள், இருவருமே வக்கீல் படிப்புப் படித்த பெண்களை மணந்தவர்கள். கணவர்கள் என்று பார்த்தால் மட்டும் இவர் வேறு, அவர் வேறு.

இதற்கு ஜோதிடர்கள் கையில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. ஒரு ராசி என்பது 30 பாகை. அதைப் பத்துப் பத்து பாகையாக மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு திரேக்காணம். ஆக, பன்னிரண்டு ராசிக்கு 36. இந்த 36 என்ற கணக்கு எகிப்திலிருந்து வந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இரவில் மணி பார்க்க 36 நட்சத்திரக் கூட்டங்களை வைத்திருந்தார்கள். சவப்பெட்டிகளின் மூடிக்கு உட்புறத்தில்கூட அவற்றை எழுதிவைத்தார்கள். கிரேக்க ஜோதிடம் அதை ராசிகளுக்குள் பொருத்திக்கொண்டது. நம் வராகமிகிரரும் பிருகத் ஜாதகத்தில் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார்.

சூரியன் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதால் பிறந்த தேதியே போதும். சிம்மத்தில் ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 1 வரை முதல் கூறு, 11 வரை இரண்டாவது, 22 வரை மூன்றாவது. எல்லைத் தேதிகளில் பிறந்தவர்கள் மட்டும் இந்தப் பட்டியலை நம்பிவிடக் கூடாது. சூரியன் கூறு மாறும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகும். பிறந்த வருடமும் மணியும் வேண்டும்.

மூன்று கூறுக்கும் மூன்று அதிபதிகள். முதலாவது அந்த ராசிக்கு உடையவருக்கே போகும். அடுத்த இரண்டும் அங்கிருந்து ஐந்தாம், ஒன்பதாம் ராசிகளின் அதிபதிகளுக்கு. சிம்மத்துக்கு முறையே சூரியன், குரு, செவ்வாய். சூரியன் ஆளும் சிம்மக்காரர், துணைவர் தன்னையே கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பாராம். குருவின் கூறில் பிறந்தவர் தாராளமானவர், கொஞ்சம் உபதேசம் செய்வார். செவ்வாய்க்காரருக்கு வேகமும் ஆசையும் அதிகம், நிதானம் குறைவு.

இப்போது பொருத்திப் பாருங்கள். ஒபாமா இரண்டாவது கூறு. 1989இல் சிகாகோ வக்கீல் அலுவலகம் ஒன்றில் கோடைக்காலப் பயிற்சிக்குப் போனபோது அவருக்கு வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவர் மிஷேல். வெளியே போகலாமா என்று கேட்டதற்கு முதலில் மறுத்தார். பொறுமையாகக் கேட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்கி, 1992இல் மணந்தார் ஒபாமா. கிளிண்டன் மூன்றாவது கூறு. வெள்ளை மாளிகைக்குப் பயிற்சிக்கு வந்த பெண்ணுடன் இருந்த உறவை 1998இல் நாடே பார்க்கத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. குருவும் செவ்வாயும் என்று சொல்லிவிட்டால் கச்சிதமாக இருக்கிறது. இந்தக் கச்சிதம்தான் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும், ஏனென்றால் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கிரகத்தைத் தேடியிருக்கிறோம்.

அதே வெள்ளை மாளிகையில் இன்னொரு சிம்மக்காரர் இருந்தார். ஜிம்மி கார்ட்டரின் மனைவி ரோசலின் பிறந்தது 1927 ஆகஸ்ட் 18. தேதியில் கிளிண்டனுக்கு ஒரே நாள் முந்தியவர். அதே மூன்றாவது கூறு, அதே செவ்வாய். அவர் கல்யாணம் 1946 ஜூலையில் நடந்தது, கிளிண்டன் பிறப்பதற்கு ஆறே வாரம் முன்பு. 2023 நவம்பரில் ரோசலின் இறக்கும்வரை 77 ஆண்டுகள் நீடித்த அந்தத் தாம்பத்தியம், அமெரிக்க அதிபர்களில் வேறு யாருக்கும் வாய்க்காதது. திரேக்காணம் இங்கே கைவிட்டுவிடுகிறது. ஜோதிடரைக் கேட்டால், சுக்கிரனையும் சந்திரனையும் பார்க்காமல் துணையைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பார். அப்படியானால் ராசியை மூன்றாக வெட்டியதால் மட்டும் என்ன தெரிந்தது என்ற கேள்வி மிச்சம்.

நம்மூர்க் கணக்கில் சிக்கல் இன்னும் கூடுகிறது. இங்கே ராசி என்றாலே சந்திரன் நின்ற ராசி. சூரியனையே பார்த்தாலும், ஒபாமா பிறந்தது ஆடியில், சூரியன் கடகத்தில். கிளிண்டன் பிறந்தது ஆவணி பிறந்தவுடன். சூரியன் அப்போதுதான் சிம்மத்துக்குள் நுழைந்திருந்தது. இருவருக்கும் ராசியே வேறு. கிளிண்டனின் கூறு செவ்வாய்க்குப் பதில் சூரியனுடையதாகிவிடுகிறது!

ராசிக்கும் கல்யாணத்துக்கும் தொடர்பு உண்டா என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் வோஸ் பெரிய அளவில் தேடிப் பார்த்தார். இங்கிலாந்து, வேல்ஸ் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து சுமார் ஒரு கோடித் தம்பதிகள். எந்த ராசிக்கும் எந்த ராசியோடும் தனி ஈர்ப்பு தெரியவில்லை. ஒரே ராசித் தம்பதிகள் மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக இருந்தார்கள். தோண்டிப் பார்த்தபோது காரணம் படிவத்தில் இருந்தது: படிவத்தை நிரப்பியவர்களில் சிலர் துணைவரின் பிறந்தநாள் கட்டத்தில் தங்கள் பிறந்தநாளையே எழுதிவிட்டிருந்தார்கள்.