சாப்பாட்டுக்கு முன் ஏன்?

மருந்துச் சீட்டில் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியிருக்கும். ஆனாலும் கேஸ் மாத்திரையைப் பலர் சாப்பிட்டு முடித்து, நெஞ்சு எரியத் தொடங்கிய பிறகுதான் தேடுகிறார்கள். சில மருந்துகளில் இந்த முன்பின் பெரிதாகப் பாதிக்காது. ஓமெப்ரசோலில் பாதிக்கும்.

இரைப்பைச் சுவரில் அமிலம் சுரப்பதற்கென்றே தனிச் செல்கள் உண்டு. அவற்றில் இருக்கும் ஒரு புரதம் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. இதற்கு 'புரோட்டான் பம்ப்' என்று பெயர். ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேலாக அந்த அயனி இரைப்பையில் சேர்வது இந்தப் பம்புகளின் உழைப்பால்தான். பட்டினியாக இருக்கும்போது பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் நுண்ணிய பைகளில் சும்மா கிடக்கும். சாப்பாடு வந்ததும் காஸ்ட்ரின், ஹிஸ்டமின் போன்ற சமிக்ஞைகள் எழும். உடனே அந்தப் பைகள் நகர்ந்து, செல்லில் இருக்கும் குறுகிய கால்வாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் பம்புகள் வேலையைத் தொடங்கும்.

ஓமெப்ரசோல் இந்தக் கால்வாய்க்குப் போய்ச் சேரும் வழி சுவாரசியமானது. அது அமிலம் பட்டாலே சிதைந்துவிடும் பொருள். அதனால்தான் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் சிறு குருணைகளுக்கு அமிலத்தில் கரையாத மேல்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். குருணைகள் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் கரைந்து, மருந்து ரத்தத்தில் கலந்து, அமிலச் செல்லைப் பின்வாசல் வழியாக அடைகிறது. அதுவரை அது எதையும் செய்வதில்லை. கால்வாயின் கடும் அமிலத்துக்குள் நுழைந்ததும் மின்னேற்றம் பெற்று, திரும்பி வெளியேற முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறது; ரத்தத்தில் உள்ளதைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு சேர்ந்துவிடுகிறது. பிறகு அந்த அமிலமே அதன் வடிவத்தை மாற்றுகிறது. புது வடிவத்தில் உள்ள கந்தக அணு, பம்பில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு பிணைகிறது. அதோடு அந்தப் பம்பின் கதை முடிந்தது. அமிலத்துக்குப் பயந்து கவசம் போட்டு வந்த மருந்து, கடைசியில் அமிலம் இருந்தால்தான் ஆயுதமாகிறது!

நேரக் கணக்கு இங்கேதான் வருகிறது. ரத்தத்தில் ஓமெப்ரசோலின் அளவு சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த இடைவெளிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே அது பிடிக்கும். பையில் கிடக்கும் பம்பைச் சுற்றி அமிலம் இல்லை, ஆகவே மருந்து அங்கே உருமாறுவதில்லை. ஒருவர் 7 மணிக்கு கேப்ஸ்யூல் போட்டு 7.45-க்கு இட்லி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து ரத்தத்தில் ஏறுவதும் பம்புகள் வேலைக்கு வருவதும் ஒன்றாக நடக்கும். இட்லிக்குப் பிறகு போட்டால், உணவோடு சேர்ந்து குருணைகள் குடலுக்குப் போகத் தாமதமாகும். மருந்து வந்து சேரும்போது பம்புகள் பலவும் ஓய்வுக்குத் திரும்பியிருக்கும். காலையில் 6 மணிக்கு கேப்ஸ்யூலைப் போட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்கு முதல் சாப்பாடு சாப்பிடுவதும் இதே வீண்தான். 'வெறும் வயிறு' மட்டும் போதாது, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடவும் வேண்டும்.

ஒரே கேப்ஸ்யூலில் எரிச்சல் அடங்கவில்லை என்று மருந்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எல்லாப் பம்புகளும் எழுந்து வருவதில்லை. வந்தவை மட்டுமே சிக்கும். முதல் நாளில் அமிலம் கொஞ்சம்தான் குறையும். தினமும் போட்டுவர, மூன்று முதல் ஐந்து நாட்களில் அதிகபட்ச அமிலச் சுரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தணிந்து, அங்கேயே நிற்கும். உடல் தினமும் புதுப் பம்புகளைச் செய்துகொண்டே இருப்பதால் அது முழுதாக நிற்பதில்லை. மருந்தை நிறுத்தினால் சில நாட்களில் அமிலம் பழையபடி திரும்புவதும் இந்தப் புதுப் பம்புகளால்தான். இப்போதே எரிகிறது, இப்போதே அடங்க வேண்டும் என்றால் அதற்கு அமிலத்தை நேரடியாக முறிக்கும் சிரப்தான் சரி.

பல மாதங்கள் போட்டுவிட்டுச் சட்டென்று விடுபவர்களுக்கு இன்னொரு சங்கடம். அமிலம் குறைந்த நாட்களில் உடல் காஸ்ட்ரினைக் கூட்டியிருக்கும். மருந்து நின்றதும் சில வாரங்களுக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி மருந்துக்கடைக்குப் போகிறார்கள். மருத்துவரிடம் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் மாத்திரையைத் தொடராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலையில் போட்டும் இரவில் மட்டும் எரிகிறவர்கள் உண்டு. பகலில் சிக்காதவையும் அதற்குப் பிறகு உருவானவையுமான பம்புகள் இரவில் வேலை செய்யும். ரத்தத்திலோ அப்போது மருந்து இருக்காது. இவர்களுக்கு மருத்துவர் இரண்டாவது வேளை எழுதினால், அதையும் படுக்கப் போகும்போது அல்ல, இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும்.