வாடகை 120 யூரோ... கார்டில் முடங்குவது 1,500 யூரோ! வெளிநாட்டில் கார் எடுக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ படம் வந்தது 2011-ல். ஸ்பெயினுக்குப் போய் ஒரு காரை எடுத்துக்கிட்டு ஊர் ஊராகச் சுற்றணும்ங்கிற ஆசை நம்ம ஆட்களுக்கு இன்னும் அடங்கவில்லை. ஆன்லைனில் பார்த்தால் வாடகையும் மலிவாகத்தான் தெரியும். ஆனால், விமான நிலையத்தில் இறங்கி வாடகை கார் கவுன்டருக்குப் போனதும் கதை மாறும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து ஒரு ஜோடி ஸ்பெயினின் மலாகாவில் இறங்கி, கிரனாடா வரை போய்த் திரும்புவதற்காக 4 நாளைக்கு ஒரு சின்ன கார் புக் செய்கிறார்கள். வாடகை 120 யூரோ. கணக்கு சுலபமாக இருக்க, ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வாடகை 12,000 ரூபாய். கவுன்டரில் இருப்பவர் கிரெடிட் கார்டை வாங்கி மெஷினில் செருகிவிட்டு, “1,500 யூரோ டெபாசிட்” என்கிறார். அதாவது ஒன்றரை லட்சம்!

இந்த 1,500 எங்கிருந்து வந்தது?

புக் செய்யும்போது, ‘இன்ஷூரன்ஸ் உண்டு’ என்று போட்டிருந்தது பொய் இல்லை. ஆனால், அந்த இன்ஷூரன்ஸில் ‘எக்ஸஸ்’ என்று ஒன்று இருக்கும். கார் சேதமானால் முதல் 1,500 யூரோ வரை உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் போனால்தான் அவர்கள் பொறுப்பு என்பதுதான் அதன் அர்த்தம். பம்பரில் 300 யூரோவுக்குக் கீறல் விழுந்தால், அந்த 300-ம் உங்களுடையது. கூடவே நிர்வாகக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் வரலாம். சேதம் 4,000 யூரோ என்றால் நீங்கள் கட்டுவது 1,500. அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலிக்க முடியுமா என்பதற்கான உத்தரவாதம்தான் இந்த டெபாசிட்.

பணம் கணக்கிலிருந்து போகாது. கார்டு லிமிட்டில் அவ்வளவும் முடக்கப்படும். இதற்குப் பெயர் ‘ஹோல்ட்’. சிக்கல் எங்கே என்றால், 2 லட்சம் லிமிட் உள்ள கார்டில் வாடகை 12,000, ஹோட்டல் புக்கிங் 30,000 ஏற்கெனவே போயிருந்தால், மீதி 1,58,000. அதில் ஒன்றரை லட்சத்தை முடக்கினால் கையில் நிற்பது 8,000 ரூபாய். அடுத்த நாள் கிரனாடா ஹோட்டலில் கார்டைத் தேய்த்தால் ‘டிக்ளைன்’தான்.

அதனால் ஹோல்டுக்கு ஒரு கார்டு, செலவுக்கு வேறு கார்டு என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஹோல்டுக்கான கார்டு, யார் பெயரில் கார் புக் ஆகியிருக்கிறதோ அவர் பெயரில்தான் இருக்கணும். மனைவி பெயரில் புக்கிங், கணவர் பெயரில் கார்டு என்றால் பல கவுன்டர்களில் சாவி தர மாட்டார்கள். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் டெபாசிட்டுக்கு ஏற்காத நிறுவனங்கள் நிறைய. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் ‘ஆன்’ செய்துவிட்டு, பின் நம்பரையும் ஞாபகம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொரு விஷயம். சில இடங்களில் ஹோல்டு போடாமல் பணத்தையே எடுத்துவிட்டுப் பிறகு திருப்பித் தருவார்கள். அப்போது எடுக்கும்போது ஒரு யூரோ ரேட், திரும்ப வரும்போது வேறு ரேட், நடுவில் பேங்கின் மார்க்கப் கட்டணம் என்று கொஞ்சம் பணம் கரையும். ‘இது ஹோல்டா, சார்ஜா?’ என்று கவுன்டரிலேயே கேட்டுவிடலாம். மெஷினில் ரூபாயா, யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு அவர்கள் போடும் ரேட் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது.

“நாளைக்கு 25 யூரோ கட்டுங்க, கவலையே வேண்டாம்!”

கார்டு லிமிட் போதவில்லை என்று முழிக்கும்போதுதான் இந்த வசனம் வரும். கவுன்டரில் விற்கும் கூடுதல் கவரேஜ் இது. நம்ம கணக்கில் 4 நாளுக்கு 100 யூரோ, கிட்டத்தட்ட வாடகை அளவுக்கே. ஆனால் எக்ஸஸ் பூஜ்யமாகும், ஹோல்டும் பெரும்பாலும் சில நூறு யூரோவுக்கு இறங்கும்.

வெளியில் மலிவாகவும் எக்ஸஸ் கவர் கிடைக்கும். சில டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசிகளிலேயே வாடகை காரின் எக்ஸஸுக்குக் கவர் உண்டு. ஆனால், பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்தப் பாலிசியைக் கவுன்டரில் காட்டினாலும் ஹோல்டு குறையாது. சேதமானால் முதலில் நீங்கள் கட்டணும். ஊருக்கு வந்து பில்லைக் கொடுத்து கிளெய்ம் செய்யணும். லிமிட் தாராளமாக இருப்பவர்களுக்கு இது லாபம். லிமிட் இழுபறி என்றால் கவுன்டர் கவரேஜ்தான் வழி. என்ன செலவாகும் என்பதைக் கிளம்பும் முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் விலக்குப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், கூரை, தொலைந்த சாவி போன்றவை சாதாரண கவரேஜில் பெரும்பாலும் வராது. தவறான எரிபொருள் போட்டு இன்ஜின் கெட்டாலும் அப்படித்தான்.

எரிபொருளில் குழப்பம் வர வாய்ப்பும் அதிகம். ஸ்பெயினில் ‘கசோலினா’ என்றால் பெட்ரோல், ‘கசோலியோ’ என்றால் டீசல். ரெண்டும் ஒரே மாதிரி காதில் விழும்! ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பம்பிலும் கார் டேங்க் மூடியின் உட்புறத்திலும் ஒரே அடையாளம் இருக்கும். வட்டத்துக்குள் E5 அல்லது E10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் B7 என்றால் டீசல். பழைய காரில் இந்த ஸ்டிக்கர் இல்லாமல் போகலாம். சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டேங்க் விஷயத்தில் ‘ஃபுல் டு ஃபுல்’ என்று இருக்கும் புக்கிங்கை எடுங்கள். நிறைத்துத் தருவார்கள், நிறைத்துத் திருப்பணும். ‘ஃபுல் டு எம்ப்டி’ என்றால் முழு டேங்க் பணத்தை முதலிலேயே வாங்கிவிடுவார்கள். மலாகா - கிரனாடா ஒரு வழிக்கு சுமார் 125 கிலோமீட்டர்தான். போய் வந்தாலும் பாதி டேங்க் மிச்சம் இருக்கும். மிச்சத்துக்குப் பணம் திரும்பாத புக்கிங் என்றால் அது நஷ்டம். ஃபுல் டு ஃபுல்லில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிரப்பி, ரசீதையும் மீட்டரையும் போட்டோ எடுங்கள். குறைவாக விட்டால் பெட்ரோல் விலையோடு ‘நிரப்பும் கட்டணம்’ வேறு அதே கார்டில் விழும்.

10 நிமிஷ வீடியோ

சரி, சாவி கையில் வந்தாச்சு. கூடவே ஒரு தாளோ டேப்லெட்டோ தருவார்கள். காரின் படம் போட்டு, ஏற்கெனவே உள்ள கீறல்களைக் குறித்திருப்பார்கள். அதில் இல்லாத கீறல் எதுவோ, அது உங்கள் கணக்கு. அதனால் கையெழுத்துக்கு முன் காரைச் சுற்றி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். நம்பர் பிளேட்டில் ஆரம்பியுங்கள். நாலு வீலின் விளிம்பு, பம்பரின் கீழ்ப்பக்கம், முன் கண்ணாடியில் சின்னச் சில்லு, கதவு ஓரங்கள், கூரை. கடைசியில் கிலோமீட்டரும் ஃபியூல் மீட்டரும். கார் நிறுத்துமிடம் இருட்டாக இருந்தால் வெளிச்சமான இடத்துக்கு நகர்த்தித் தரச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

புதிதாக ஒரு கீறல் கண்ணில் பட்டால் போட்டோ மட்டும் போதாது. ஊழியரிடம் காட்டி அந்தத் தாளில் குறிக்க வையுங்கள். ஆள் வரவில்லையா? பார்க்கிங்கை விட்டு நகரும் முன்பே அந்தப் படங்களை நிறுவனத்துக்கு மெயில் செய்யுங்கள். மெயில் போன நேரம் சாட்சி ஆகிவிடும்.

திருப்பித் தரும்போதும் இதே வீடியோதான். ஊழியர் பார்த்து ‘சேதம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் நிம்மதி. அதிகாலை விமானம், சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடுகிறீர்கள் என்றால் உஷார்: அவர்கள் பிறகு வந்து பார்க்கும்வரை கார் உங்கள் பொறுப்பு என்றே பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

ஊர் திரும்பி 10 நாள் கழித்து, “பின் வீலில் கீறல், 380 யூரோ” என்று மெயில் வந்தால்? எடுக்கும்போது இருந்த குறிப்பு, திரும்பும்போது எடுத்த படம், பழுதுச் செலவின் ரசீது மூன்றையும் கேளுங்கள். உங்கள் வீடியோவை இணைத்து அனுப்புங்கள். கார்டில் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்றால், அதே ஆதாரங்களோடு பேங்கில் ‘டிஸ்ப்யூட்’ பதியலாம். அதற்கு நாள் கெடு உண்டு, ஸ்டேட்மென்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிரச்னை ஏதும் இல்லை என்றால், அந்த 1,500 யூரோ ஹோல்டு சில நாட்களில் தானாக விலகும். சில பேங்குகளில் இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை வீடியோவை போனிலிருந்து அழிக்காதீங்க.