90 விழுக்காடு கமிஷன்: கையில் எவ்வளவு?

“கமிஷனில் 90 விழுக்காடு உங்களுக்கே!” வீடு விற்கும் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இப்படித்தான் அழைப்பார்கள். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

தாசேக் கெலுகோரில் 3 லட்சம் ரிங்கிட் வரிசை வீடு ஒன்றை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி கமிஷன் அதிகபட்சம் 3 விழுக்காடு, அதாவது 9,000 ரிங்கிட். வாங்குபவரை வேறு நிறுவனத்தின் முகவர் அழைத்து வந்தால், வழக்கமாகப் பாதி அங்கே போய்விடும். மீதி 4,500இல் உங்கள் 90 விழுக்காடு 4,050. விளம்பரச் செலவும் பெட்ரோலும் உங்களுடையவை.

இன்னொரு நிறுவனம் 60 விழுக்காடுதான் தருகிறது. ஆனால் வீடு தேடுபவர்களை அதுவே அனுப்பி வைக்கிறது. அதே வீட்டில் உங்களுக்கு 2,700. ஆண்டில் அங்கே 4 வீடும் இங்கே 8 வீடும் விற்றால், அங்கே 16,200, இங்கே 21,600. எனவே நேர்காணலில் விழுக்காட்டை மட்டும் கேட்காதீர்கள். மாதம் எத்தனை பேர் விசாரிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரைப் புதியவருக்குத் தருவார்கள், கடந்த ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வீடாவது விற்றார்கள் என்றும் கேளுங்கள்.

அடுத்தது காத்திருப்பு. முன்பணம் வாங்கியதும் கமிஷன் கைக்கு வராது. ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். வங்கி கடனை மறுத்தால் விற்பனையே கலைந்துபோகலாம். பெருநாள் காலங்களில் விசாரிப்பவர்களும் குறைவார்கள். வீட்டுச் செலவு மாதம் 1,800 ரிங்கிட் என்றால், ஆறு மாதத்துக்கு 10,800 கையில் இருக்கட்டும். அது இல்லையென்றால், இப்போதைய சம்பள வேலையை விட வேண்டாம்.