விசிறி தாங்கும் பனை

பனைமரத்துக்குத் தாவரவியலார் வழங்கும் பெயர் 'பொராசஸ் பிளாபெல்லிபெர்' என்பதாகும். நாக்குக் குழறினாலும், பிரித்து நோக்கின் பொருள் எளிதிற் புலப்படும். முதற்சொல் சாதியைக் குறிக்கும். அது கிரேக்க வழி வந்தது. அடுத்தது இனத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். 'பிளாபெல்லும்' என்பது விசிறி. 'பெர்' என்பது தாங்குவது. எனவே பனை, 'விசிறி தாங்கி' ஆயிற்று. ஓலையின் வடிவைப் பார்த்தோர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

தென்னையோ 'கோக்கஸ் நூசிபெரா'. அதாவது, 'கொட்டை தாங்கி'. 'பெர்' இங்கே 'பெரா' ஆனதேன்? இலத்தீனிற் பெயரின் பாலுக்கேற்ப அடைமொழியின் ஈறு மாறும். பொராசஸ் ஆண்பால், கோக்கஸ் பெண்பால்.

மாமரத்தின் சாதிப்பெயர் 'மாஞ்சிபெரா'. இதன் பிற்பாதி இலத்தீன். முற்பாதியோ நம் 'மாங்காய்' போர்த்துக்கேயர் வாய்வழிச் சென்று திரிந்தது!

ஆயினும், பெயரை முற்றாக நம்பிவிடலாகாது. புளிக்கு 'தாமரிண்டஸ் இந்திக்கா' என்று பெயர். 'இந்திக்கா' என்றால் 'இந்தியாவுக்குரியது'. முதற்சொல்லும் 'இந்தியப் பேரீச்சை' எனப் பொருள்படும் அரபுத் தொடரின் திரிபே. ஆனால் புளியின் தாயகம் ஆபிரிக்கா. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் இந்நான்கு பெயர்களையும் வெளியிட்டார். பொருள் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெயரை மாற்ற விதி இடந்தருவதில்லை. மாற்றிக்கொண்டே போனால் ஒரு நூலிற் கண்ட மரத்தை மற்றொரு நூலில் அறிதல் அரிதாகிவிடும். ஆகவே பெயரின் பொருளை அறிந்தபின், மரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.